நடுவில் எது மாறினாலும் மாறாத தொடக்கமும் முடிவும்: சேனலுக்கு இன்ட்ரோ, அவுட்ரோ எழுதுவது எப்படி?

யூடியூப் சேனல் ஆரம்பிக்கிற பலரும் முதல் நாளே இன்ட்ரோ செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். லோகோ சுழலும், இசை முழங்கும், பெயர் பளிச்சென்று வந்து நிற்கும். ஆனால் அந்த இடத்தில் என்ன பேசுவது என்று எழுதிவைத்திருப்பவர்கள் குறைவு. ஒவ்வொரு வீடியோவிலும் வாய்க்கு வந்தபடி பேசி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி வந்து, எடிட் செய்யும்போது வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கட்டுரை படத்தைப் பற்றியது அல்ல, பேச்சைப் பற்றியது. ஒருமுறை எழுதினால் எல்லா வீடியோவுக்கும் பொருந்துகிற தொடக்க வரிகளையும் முடிவு வரிகளையும் எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஒரு சேனலைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டிலேயே சைக்கிள் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் சேனல். பெயர் ‘சுற்று’ என்று இருக்கட்டும். ஒரு வாரம் செயின், இன்னொரு வாரம் பஞ்சர், அடுத்து பிரேக். ஒவ்வொரு வீடியோவும் ஆறேழு நிமிடம். இந்தச் சேனலுக்கு யோசிக்காமல் ஓர் இன்ட்ரோ எழுதினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“வணக்கம் நண்பர்களே! எல்லாரும் எப்படி இருக்கீங்க? உங்க எல்லாரையும் நம்ம சுற்று சேனலுக்கு அன்போட வரவேற்கிறேன். இன்னைக்கு வீடியோல நாம என்ன பாக்கப் போறோம்னா, ______ பத்திதான் பாக்கப் போறோம். வீடியோவுக்குள்ள போறதுக்கு முன்னாடி, நம்ம சேனலுக்கு நீங்க புதுசா வந்திருந்தா மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணிக்கோங்க, பக்கத்துல இருக்கிற பெல் பட்டனையும் அழுத்திக்கோங்க. வாங்க, வீடியோவுக்குள்ள போகலாம்.”

இதைச் சத்தமாகப் படித்து, கைப்பேசியின் ஸ்டாப்வாட்சில் நேரம் பாருங்கள். நிதானமாகப் பேசினால் 20 நொடிக்கு மேல் போகும். அந்த 20 நொடியில் செயினைப் பற்றிப் பார்வையாளருக்குத் தெரியவந்தது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லையும் அவர் தலைப்பிலேயே படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்.

யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் பார்வையாளர்கள் எந்த நொடி வரை நிற்கிறார்கள் என்று காட்டும் வரைபடம் ஒன்று இருக்கிறது. அதில் தொடக்கத்தின் நிலையை 30-வது நொடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் காட்டுகிறார்கள். மேலே எழுதிய இன்ட்ரோ அந்த 30 நொடியில் முக்கால்வாசியைத் தின்றுவிடுகிறது. எல்லா வீடியோவுக்கும் ஒரே வரிகள் என்பதால், எல்லா வீடியோவிலும் தின்னும்.

மாறாத வரிகளை எழுதும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுதான்: தொடக்கத்தில் எது மாறும், எது மாறாது, எது முன்னால் வரும்? மாறாத பகுதியை முதலில் வைப்பதுதான் வழக்கம். வைக்க வேண்டியது மாறுகிற பகுதியை. வந்தவர் செயின் நழுவுகிறது என்று தேடிக்கொண்டு வந்தவர். அவருடைய கேள்வி முதலில் வரட்டும், சேனலின் பெயர் அதன் பிறகு வரட்டும். அப்படி மாற்றினால் இன்ட்ரோ மூன்று துண்டாகிறது.

முதல் துண்டு, முழுக்க மாறுவது: “பெடலை அழுத்தி மிதிச்சா செயின் டக்குனு நழுவுதா? செயினை மட்டும் மாத்தினா சில சமயம் இன்னும் மோசமா நழுவும். எதை மாத்தணும்னு ஒரு ஸ்கேலை வச்சே கண்டுபிடிப்போம்.”

இரண்டாவது துண்டு, ஓர் எழுத்துகூட மாறாதது: “இது சுற்று. வீட்டுல இருக்கிற கருவிகளை வச்சே நம்ம சைக்கிளை நாமளே சரி பண்ணுவோம்.”

மூன்றாவது துண்டு, பாதி மாறுவது: “இந்த வேலைக்கு வேண்டியது: ஒரு ஸ்கேல், ஒரு பழைய துணி.”

மொத்தமும் சுமார் 17, 18 நொடி. முதல் இன்ட்ரோவைவிட ரொம்பக் குறைவில்லைதான். ஆனால் இதில் மாறாத பகுதி நான்கைந்து நொடி மட்டும். மீதி நேரம் முழுக்க அந்த வீடியோவுக்கே உரிய விஷயம். புதிய செயினைப் போட்டும் நழுவும் என்ற தகவல் பலருக்குப் புதிது. பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலின் பற்கள் தேய்ந்திருந்தால் புதுச் செயின் அவற்றில் சரியாக உட்காராது என்பதுதான் காரணம். அதை அறிய ஒருவர் நிற்பார். வரவேற்புரைக்காக நிற்கமாட்டார்.

இரண்டாவது துண்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் பெயர் இருக்கிறது, சேனல் என்ன செய்கிறது என்பது இருக்கிறது, வேறு எதுவும் இல்லை. மாறாத வரிக்கு இந்த இரண்டும் போதும். “சைக்கிளைப் பற்றிய எல்லாத் தகவல்களும்” என்று எழுதியிருக்கலாம்; அது எந்தச் சைக்கிள் சேனலுக்கும் பொருந்தும். “வீட்டுல இருக்கிற கருவிகளை வச்சே” என்று சொன்னதும் ஒரு வரம்பு வந்துவிடுகிறது. இந்தச் சேனலில் கடைக்காரரிடம் மட்டுமே இருக்கும் பெரிய கருவிகளைக் கேட்கமாட்டார்கள் என்று புதிதாக வந்தவருக்குப் புரிகிறது. மூன்றாவது துண்டும் அந்த வாக்கை உடனே காப்பாற்றுகிறது: ஸ்கேலும் துணியும் எல்லார் வீட்டிலும் இருக்கும். மாறாத வரியும் மாறும் வரியும் இப்படி ஒன்றையொன்று தாங்கினால், நூறாவது வீடியோவிலும் அந்த வரி வெறும் சடங்காகத் தோன்றாது.

கோடிட்ட இடமும் வேற்றுமை உருபும்

இனிச் சொல்லப்போவது தமிழில் எழுதுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது. பிற மொழிக்காரர்கள் தரும் இன்ட்ரோ மாதிரிகளை அப்படியே தமிழாக்கினால் இங்கேதான் இடிக்கும்.

“இன்னைக்கு நாம ______ பத்தி பாக்கப் போறோம்” என்ற வரியில் கோடிட்ட இடத்தை நிரப்பிப் பாருங்கள். “செயின் பத்தி” என்று சொன்னால் எழுதி ஒட்டியது போல இருக்கும். வாய் தானாகவே “செயினைப் பத்தி” என்றுதான் சொல்லும். பஞ்சர் என்றால் பஞ்சரைப் பத்தி. சக்கரம் என்றால் சக்கரத்தைப் பத்தி. இங்கே சொல்லின் கடைசியே மாறிவிட்டது. “செயின் ஏன் நழுவுது” என்பது தலைப்பானால் “செயின் ஏன் நழுவுதுங்கிறதைப் பத்தி” என்று வாக்கியம் நீண்டுவிடும். தமிழில் சொல்லோடு உருபு ஒட்டுவதால், நடுவில் விட்ட வெற்றிடம் உள்ளே வரும் சொல்லையும் பக்கத்துச் சொல்லையும் சேர்த்து இழுக்கிறது. எழுத்தில் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். பேசும்போது நாக்கு அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம் ஒவ்வொரு வீடியோவிலும் அதே இடத்தில் வரும், கேட்கிறவருக்கு ‘இவர் படிக்கிறார்’ என்று தெரிந்துவிடும்.

தப்பிக்க வழி இருக்கிறது. மிக எளிய வழி, வெற்றிடத்தை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளுவது. “இந்த வேலைக்கு வேண்டியது:” என்று நிறுத்திவிட்டால் அதற்குப் பின் எந்தப் பெயரும் உருபு இல்லாமல் அப்படியே உட்காரும். ஒரு ஸ்கேல், இரண்டு ஸ்பேனர், ஒரு வாளித் தண்ணீர், எதுவானாலும் சரி. மேலே மூன்றாவது துண்டை அந்த வடிவத்தில் எழுதியதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த வழி, வெற்றிடத்தை ஒரு முழு வாக்கியமாகவே விட்டுவிடுவது. முதல் துண்டு அப்படித்தான் இருக்கிறது. அதில் மாறாத சொல் ஒன்றுகூட இல்லை. மாறாதது அதன் அமைப்பு மட்டும். முதலில் பார்வையாளர் கண்ட சிக்கல், பிறகு அவர் எதிர்பார்க்காத ஒரு தகவல், பிறகு அவர் கையில் கிடைக்கப்போவது. பஞ்சர் வீடியோவுக்கு அதே அமைப்பில் இப்படி வரும்: “பஞ்சர் ஒட்டின இடத்துலயே மறுபடி காத்து இறங்குதா? சொல்யூஷன் காயறதுக்கு முன்னாடியே ஒட்டுப் போட்டிருக்கலாம். எவ்வளவு நேரம் பொறுக்கணும்னு விரலால தொட்டே தெரிஞ்சுக்கலாம்.” பிரேக்குக்கு: “பிரேக் பிடிச்சா கிறீச்னு சத்தம் வருதா? கட்டை தேய்ஞ்சுதான் வரணும்னு இல்ல, ரிம்ல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்காலயும் வரும். எதனாலன்னு அஞ்சு நிமிஷத்துல பிரிச்சுப் பாத்துடலாம்.”

இதற்கும் மனம் ஒப்பவில்லை, நடுவில்தான் தலைப்பு வர வேண்டும் என்றால், உருபைச் சுமக்க ஒரு நிலையான பெயரை வைத்துக்கொள்ளுங்கள். “‘செயின் ஏன் நழுவுது’ங்கிற கேள்விக்கு இந்த வீடியோல பதில் இருக்கு.” இங்கே உருபு ‘கேள்வி’யின் மேல் ஏறிவிட்டது. வெற்றிடத்தில் எந்தக் கேள்வியை வைத்தாலும் பக்கத்துச் சொல் மாற வேண்டியதில்லை.

ஆட்களை அழைத்துப் பேசும் சேனலானால் வினைமுற்றையும் கவனிக்க வேண்டும். “நம்ம கூட ______ வந்திருக்காரு” என்று எழுதிவைத்தால், அடுத்த வாரம் ஒரு பெண் வந்தால் மாற்ற வேண்டும், இரண்டு பேர் வந்தால் மறுபடி மாற்ற வேண்டும். “வந்திருக்காங்க” என்றால் மூன்றுக்கும் பொருந்தும், மரியாதையும் குறையாது.

மாறாத வரியில் சேரக்கூடாதவை

யூடியூபில் ஒருமுறை ஏற்றிய வீடியோ கோப்பை அதே முகவரியில் வைத்துக்கொண்டு வேறு கோப்பாக மாற்ற முடியாது. ஸ்டுடியோவின் எடிட்டரில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது, மங்கலாக்குவது போன்ற சில திருத்தங்களை மட்டும் செய்யலாம். புதிதாகப் பேசிச் சேர்க்க முடியாது. மாறாத வரியில் ஒரு தவறான சொல் இருந்தால் அது எத்தனை வீடியோவில் இருக்கிறதோ அத்தனையிலும் அப்படியே இருக்கும்.

அதனால் காலத்தோடு கெட்டுப்போகும் எதையும் அங்கே வைக்காதீர்கள். “ஒவ்வொரு ஞாயிறும் புது வீடியோ” என்பது நல்ல எண்ணம்தான். இரண்டு மாதம் கழித்து நாள் மாறினால் பழைய வீடியோக்கள் எல்லாம் தவறான நாளைச் சொல்லிக்கொண்டிருக்கும். “நம்ம ஆயிரம் பேர் குடும்பம்” என்ற வரியும் அப்படித்தான். “காலை வணக்கம்” வேண்டாம். பார்ப்பவர் நள்ளிரவில் பார்க்கலாம். “போன வீடியோல பாத்தோம்” என்பது தேடிவந்த புதியவருக்குப் பொருளே தராது. சேர்ந்து பேசும் நண்பரின் பெயர்கூட வேண்டாம் என்பேன். அவர் விலகினால், விலகிய பிறகும் எல்லா வீடியோவிலும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும். சொல்ல வேண்டியிருந்தால் இவற்றை மாறுகிற நடுப்பகுதியில் சொல்லலாம், அல்லது வீடியோவுக்குக் கீழே எழுதலாம். கீழே இருக்கும் எழுத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ள முடியும்.

உணர்ச்சியின் அளவும் இந்தக் கணக்கில் சேரும். பஞ்சர் வீடியோவுக்கு “செம ஜாலியா ஒரு வேலை பாக்கலாம் வாங்க!” என்பது பொருந்தும். பிரேக் கம்பி அறுந்து விழுந்தவர்களைப் பற்றிப் பேசும் வீடியோவில் அதே வரி வந்தால் கேட்கச் சகிக்காது. மாறாத வரியை எழுதி முடித்ததும், சேனலில் வரக்கூடிய மிகச் சாதாரணமான தலைப்பு ஒன்றையும் மிகக் கனமான தலைப்பு ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் முதல் துண்டை எழுதி, மாறாத வரியோடு சேர்த்து உரக்கப் படியுங்கள். கனமான தலைப்பில் மாறாத வரி நெருடினால் அதில் உற்சாகம் கூடுதல் என்று பொருள். “வீட்டுல இருக்கிற கருவிகளை வச்சே நம்ம சைக்கிளை நாமளே சரி பண்ணுவோம்” என்பதை இரண்டு இடத்திலும் சொல்லிப் பாருங்கள், குரல் மட்டும் மாறும், சொல் மாற வேண்டியதில்லை.

இசையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாறாத பகுதியில் போடும் இசை எல்லா வீடியோவிலும் இருக்கப்போகிறது. அதற்கு உரிமை கோரி யாராவது வந்தால் அந்தக் கோரிக்கை ஒரு வீடியோவோடு நிற்காது, சேனல் முழுக்கப் பரவும். உங்களிடம் உரிமம் இருக்கும் இசையை மட்டும் போடுங்கள். அந்த உரிமத்தின் நகலை ஸ்கிரிப்ட் இருக்கும் அதே ஃபோல்டரில் வைத்திருங்கள்.

அவுட்ரோ: முடிந்துவிட்டது என்று சொல்லாமல் முடிப்பது

பழக்கத்தில் வரும் முடிவுரை இது: “அவ்வளவுதாங்க. இந்த வீடியோ உங்களுக்குப் பயனுள்ளதா இருந்திருக்கும்னு நம்புறேன். பிடிச்சிருந்தா லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, கமெண்ட் பண்ணுங்க. மீண்டும் ஒரு நல்ல வீடியோல சந்திப்போம். நன்றி, வணக்கம்.”

இதில் “அவ்வளவுதாங்க” என்ற முதல் சொல்லிலேயே வேலை முடிந்துவிடுகிறது. பார்வையாளருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வரைபடத்தில் கோடு சரியாக அந்தச் சொல்லில் செங்குத்தாக இறங்கும். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கும் லைக்கும் ஷேரும் யார் காதிலும் விழுவதில்லை.

மாறாத அவுட்ரோவின் வேலை, நடுப்பகுதியின் கடைசித் தகவலையும் அடுத்த வீடியோவையும் மூச்சு விடாமல் இணைப்பது. யூடியூப் அதற்கென ஓர் இடம் தருகிறது. அழுத்தினால் வேறு வீடியோவுக்குப் போகிற பெட்டிகள் தோன்றும் எண்ட் ஸ்கிரீனை வீடியோவின் கடைசி 5 முதல் 20 நொடிக்குள் வைக்கலாம். வழக்கமான அகலத் திரை வீடியோவில் நான்கு பெட்டிகள் வரை வைக்கலாம். வீடியோ குறைந்தது 25 நொடியாவது இருக்க வேண்டும். இந்த அளவுதான் அவுட்ரோ எழுதுவதற்கான அளவுகோல். நான் 14 நொடியை எடுத்துக்கொள்கிறேன். அதில் கடைசி 10 நொடிக்கு எண்ட் ஸ்கிரீன் வரட்டும்.

செயின் வீடியோவில் நடுப்பகுதி இப்படி முடிகிறது என்று வையுங்கள்: ஸ்கேலின் தொடக்கத்தைச் செயினின் ஓர் இணைப்பு ஊசியில் வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலம் சரியாக இன்னோர் ஊசியில் விழும், அந்த ஊசி அதைவிட 1/8 அங்குலம் தாண்டியிருந்தால் செயினோடு ஃப்ரீவீலும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இதோடு அவுட்ரோ ஒட்டிக்கொள்கிறது.

மாறும் வரி: “அப்போ ஃப்ரீவீலை எப்படிக் கழட்டுறது?”

மாறாத வரிகள்: “அதுக்கு வலது பக்கம் இருக்கிற வீடியோவைப் பாருங்க. உங்க சைக்கிள்ல வேற ஏதாவது தொல்லை இருந்தா கீழ எழுதுங்க, அடுத்து அதையே எடுத்துப் பண்ணலாம். இது சுற்று.”

பழைய அவுட்ரோவில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. பார்வையாளரின் மனதில் அப்போது தானாக எழும் கேள்வியை நீங்கள் அவருக்கு முன்னால் சொல்லிவிடுகிறீர்கள். பதில் திரையிலேயே இருக்கிறது. பஞ்சர் வீடியோவில் அந்த இடத்தில் “ட்யூப் வால்வுகிட்டயே கிழிஞ்சிருந்தா என்ன பண்றது?” என்று வரும். மீதி வரிகள் அப்படியே நிற்கும். கேள்விக்குப் பின் “அதுக்கு” என்று தொடங்குவதால் எந்தக் கேள்விக்கும் அது ஒட்டும். முன்னே சொன்ன உருபுச் சிக்கல் இங்கேயும் எழவில்லை.

மாறும் வரியில் அடுத்த வீடியோவின் தலைப்பைச் சொல்லாதீர்கள், கேள்வியைச் சொல்லுங்கள். தலைப்பை நாளைக்கு மாற்றுவீர்கள். அல்லது அதே விஷயத்தில் இன்னும் நல்ல வீடியோ ஒன்றைப் போடுவீர்கள். எண்ட் ஸ்கிரீன் பெட்டியில் இருக்கும் வீடியோவை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பேசியதை மாற்ற முடியாது. கேள்வியாகச் சொல்லியிருந்தால் எந்த வீடியோ அதற்குப் பதிலோ அதைப் பெட்டியில் வைத்தால் போதும்.

“வலது பக்கம்” என்று மாறாத வரியில் எழுதிவிட்டதால் இனிப் பெட்டி எப்போதும் வலது பக்கம்தான். கேமரா முன் உட்காரும்போது நீங்கள் திரையின் இடப்பக்கம் வருமாறு உட்கார்ந்து, வலது பக்கத்தை வெறுமையாக விட வேண்டும். இங்கே சின்னக் குழப்பம் வரும்: கேமராவைப் பார்த்துக்கொண்டு நீங்கள் கை நீட்டும் வலது, பார்ப்பவருக்கு இடது. சொல்வது பார்ப்பவரின் வலதாக இருக்கட்டும், கையும் அந்தப் பக்கமே போகட்டும். பெட்டிகளின் இடத்தை ஒவ்வொரு முறையும் அளந்து வைக்க வேண்டியதில்லை. ஸ்டுடியோவில் `Import from video` என்பதை அழுத்தினால் பழைய வீடியோவின் எண்ட் ஸ்கிரீன் அப்படியே வந்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் வீடியோவை மட்டும் மாற்றினால் போதும்.

நேரத்தையும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். கேள்வி மூன்று, நான்கு நொடி. அது முடியும்போது பெட்டி திரைக்கு வந்துவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த வரி “வலது பக்கம் இருக்கிற வீடியோ” என்கிறது. சொல்லும்போது அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் கண் தேடி ஏமாறும். “இது சுற்று” என்று சொன்ன பிறகும் ஒன்றிரண்டு நொடி படத்தை ஓடவிடுங்கள், அழுத்த நினைப்பவருக்கு அந்த அவகாசம் வேண்டும்.

சப்ஸ்கிரைப் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அதைத் தொடக்கத்திலும் வைக்க வேண்டாம், முடிவிலும் வைக்க வேண்டாம். அதை மூன்றாவது மாறாத துண்டாகத் தனியே எழுதிவைத்து, நடுப்பகுதியில் முதல் பயன் கிடைத்த இடத்தில் செருகுங்கள். செயின் அளந்து காட்டி முடித்ததும், “இந்த மாதிரி கடைக்குப் போகாமலே பாத்துக்கிற வேலைகள் இன்னும் வரும், சப்ஸ்கிரைப் பண்ணி வச்சுக்கோங்க” என்று ஒரே வரி. கேட்பதற்கு முன் ஏதாவது கொடுத்திருக்கிறீர்கள் என்பதால் அது கெஞ்சலாகத் தெரியாது. எண்ட் ஸ்கிரீனில் சப்ஸ்கிரைப் பெட்டி ஒன்றும் பேசாமல் நின்றால் போதும்.

ஒருமுறை பதிவு செய்வதா, ஒவ்வொரு முறையும் பேசுவதா?

மாறாத வரிகள் என்றதும், அவற்றை ஒரே ஒருமுறை பதிவு செய்து எல்லா வீடியோவிலும் ஒட்டிவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் ஒட்டு தெரியும். மைக் அன்று வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கும், இன்று இரண்டு சாண். அன்று மின்விசிறி ஓடவில்லை, இன்று ஓடுகிறது. காலைக் குரலும் மாலைக் குரலும் ஒன்றல்ல. காதுக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும், காரணம் தெரியாவிட்டாலும்.

சத்த அளவு இன்னொரு சிக்கல். யூடியூப் அதிகச் சத்தமான வீடியோவைத் தானாகக் குறைத்து ஒலிக்கவிடுகிறது. ஆனால் அந்தக் குறைப்பு வீடியோ முழுவதற்கும் ஒரே அளவில் நடக்கும். இசையோடு முழங்கும் இன்ட்ரோவும், அதன் பின் தணிந்த பேச்சும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். அந்தக் குறைப்பால் இடைவெளி மாறாது. சோதிப்பது எளிது. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, இன்ட்ரோவிலிருந்து நடுப்பகுதிக்குள் போகும் இடத்தைக் கேளுங்கள். கை சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ போனால் அங்கே சரிசெய்ய வேண்டியது இருக்கிறது.

என் யோசனை இது. பெயரோடு வரும் மூன்று நொடி இசைத்துணுக்கு மட்டும் ஒருமுறை செய்தது, எப்போதும் அதுவே. அதன் இசை தானாக முடிந்துவிட வேண்டும். பேச்சின் அடியில் வழிந்து ஓடக்கூடாது. மீதி மாறாத வரிகளை ஸ்கிரிப்டிலிருந்து ஒவ்வொரு முறையும் அன்றைய குரலில், நடுப்பகுதியோடு சேர்த்தே பேசுங்கள். கூடுதலாக ஆவது பத்து, பதினைந்து நொடி. அதற்குக் கிடைப்பது ஒட்டு தெரியாத பேச்சு. பேசுகிறபடியே எழுத்துக்கூட்டி வைத்திருந்தால் இது இன்னும் எளிது: “செய்துகொள்ளுங்கள்” என்று எழுதிவிட்டு “பண்ணிக்கோங்க” என்று பேசப் பார்த்தால் பாதி வரி ஒன்றும் பாதி வரி இன்னொன்றுமாக வரும்.

வரைபடத்தில் பிழை எங்கே என்று பார்ப்பது

மாறாத வரிகளால் கிடைக்கும் ஒரு பெரிய பயன், பிழையை எங்கே தேடுவது என்று தெரிவது. ஐந்தாறு வீடியோ ஏற்றியதும் அவற்றின் வரைபடங்களை வரிசையாகப் பாருங்கள். எல்லா வீடியோவிலும் கோடு ஒரே வரியில், உதாரணமாக “இது சுற்று” என்ற இடத்தில் சரிந்தால், மாறாத வரிதான் பிழை. அது நீளமாக இருக்கலாம், அல்லது இசை தொந்தரவு செய்யலாம். ஒரு வீடியோவில் மட்டும் அதற்கு முன்பே சரிந்தால், அந்த வீடியோவின் முதல் துண்டு பிழை. தலைப்பில் சொன்னதும் முதலில் பேசியதும் ஒத்துப்போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். இன்ட்ரோ முடிந்த உடனே கோடு ஒரு சின்ன மேடு போல ஏறினால், பலர் இன்ட்ரோவைத் தாண்டி அங்கே குதிக்கிறார்கள் என்று பொருள். ஒவ்வொரு முறையும் இன்ட்ரோ வேறு வேறாக இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் போட முடியாது.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் நாலைந்து வீடியோக்களாவது அதே வரியோடு போகட்டும். தலைப்புக்குத் தலைப்பு ஆட்கள் மாறுவதால் ஒரு வீடியோவின் வரைபடத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்கிரிப்ட் கோப்பின் தலையில் எந்த வீடியோவிலிருந்து எந்த வரி மாறியது என்று ஒரு வரி குறித்துவையுங்கள். பழைய வரைபடங்களைத் திரும்பப் பார்க்கும்போது எந்த வீடியோ எந்த வரியோடு போனது என்று அந்தக் குறிப்பு காட்டிவிடும்.